எல்லாரும் ஏ வாங்கும் பரீட்சை

அமெரிக்காவில் விற்கும் கார் டயர் எதையும் குனிந்து பாருங்கள். பக்கச் சுவரில், அளவுக்கும் கம்பெனிப் பெயருக்கும் நடுவே, புடைப்பெழுத்தில் ஒரு வரி இருக்கும். ட்ரெட்வேர் 700, ட்ராக்‌ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ. ஒரு எண், இரண்டு எழுத்து. பனிக்கால டயர், லைட் டிரக் டயர், டிக்கியில் கிடக்கும் ஒல்லி ஸ்டெப்னி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றபடி இது சட்டம். நம்மூரில் ஓடும் கார் டயர்கள் சிலவற்றிலும் இதே வரியைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தியச் சட்டம் கேட்டு வந்ததில்லை, அமெரிக்க விதிப்படி அச்சில் ஏறியது.

இந்த வரியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும்: எண் பெரிதாக இருந்தால் நிறைய நாள் உழைக்கும், ஏஏ வந்தால் நல்ல பிடி, ஏ வந்தால் சூடு தாங்கும். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார், வாட்ஸப் குழுவில் அண்ணன்மாரும் அதைத்தான் சொல்வார்கள். என் கட்சி வேறு. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வகையில் வாங்குபவரைத் திசைதிருப்புகின்றன. எதை எவ்வளவு நம்பலாம் என்பது, பின்னால் என்ன சோதனை நடக்கிறது என்று தெரிந்தால்தான் புலப்படும். நான் மென்பொருள்காரன். ஒரு அறிக்கை முழுக்கப் பச்சையாக வந்தால், டெஸ்ட்டை யார் எழுதினார்கள், எதைச் சோதித்தார்கள் என்று கேட்பது என் தொழில். டயருக்கும் அதே கேள்விதான்.

முதலில் அந்த எண். ட்ரெட் என்றால் டயரின் பட்டன். அது எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதற்கான மதிப்பெண் ட்ரெட்வேர். மேற்கு டெக்சாஸில் சான் ஆஞ்செலோ என்று ஓர் ஊர். அதைச் சுற்றிப் பொதுச்சாலைகளில் 400 மைல் நீளத்துக்கு ஒரு பாதை குறித்திருக்கிறார்கள். சோதிக்க வேண்டிய டயர்களை மாட்டிய வண்டிகள் வரிசையாக அதில் ஓடும். கூடவே ஒப்பிடுவதற்காகத் தரப்படுத்திய டயர் மாட்டிய வண்டியும் போகும். வெயில், மழை, சாலையின் சொரசொரப்பு எல்லாம் இருவருக்கும் ஒன்றே, ஆகவே அவற்றின் பாதிப்பைக் கணக்கில் கழித்துவிடலாம் என்பது ஏற்பாடு. யோசனை நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் 800 மைல் டயரைப் பழக்குவதற்கு. பிறகு 6,400 மைல் ஓட்டி, ஒவ்வொரு 800 மைலுக்கும் நிறுத்திப் பட்டனின் ஆழத்தை அளப்பார்கள். புள்ளிகள் வழியே ஒரு நேர்க்கோடு வரைந்து, அது சட்டம் சொல்லும் தேய்மான எல்லையை எங்கே தொடும் என்று நீட்டிப் பார்ப்பார்கள். எல்லை 62 மில், அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மில் என்பது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த 'நீட்டிப் பார்ப்பார்கள்' என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு டயரின் பட்டன் பழக்கிய பிறகு 310 மில் ஆழம் என்று வைப்போம். தேய்வதற்கு 248 மில் இருக்கிறது. திருத்தங்களெல்லாம் போக, ஆயிரம் மைலுக்கு 3.1 மில் தேய்ந்தால், 80,000 மைலும் பழக்கிய 800-ம் சேர்ந்து 80,800 மைல். அதுவே ஆயிரம் மைலுக்கு 2.5 மில் என்றால் சரியாக ஒரு லட்சம் மைல். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 19,000 மைல், பலருக்கு ஒன்றரை வருஷ ஓட்டம். ஆனால் மொத்தச் சோதனையிலும் இந்த இரண்டு டயர்களுக்கு இடையே அளவுகோல் கண்ட வித்தியாசம் நாலு மில்லுக்கும் குறைவு. ஒரு தாளின் தடிமன்! அவ்வளவுதான். பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறார்கள், வண்டியும் இடமும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள், ஒப்பீட்டு டயரை வைத்துத் திருத்துகிறார்கள். அதனால் பிழை குறையும், ஆனால் மறையாது. தவிர, டயர் தேயும் வேகம் அதன் ஆயுள் முழுக்க ஒன்றாகவும் இருப்பதில்லை. முதல் எட்டு சதவீதத்தைப் பார்த்து மிச்ச தொண்ணூற்றிரண்டை ஊகிக்கும் கிராஃபை என் டீமில் யாராவது கொண்டு வந்தால் கேள்வி கேட்டே களைத்துப் போவார்கள்.

வந்த மைலை மதிப்பெண்ணாக்குவது எளிது. 30,000 மைலுக்கு 100 என்பது அடிப்படை. நமது முதல் டயருக்கு 269 வரும். 20-இன் படிகளில் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும், ஆகவே 260. இரண்டாவதற்கு 333 வந்து 320 ஆகும். இதே கணக்கில் 700 என்று போட்ட டயர் 2,10,000 மைல் ஓட வேண்டும். அப்படி ஓடிய டயரைப் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த வகை டயருக்குக் கம்பெனி தரும் மைலேஜ் வாரண்டியே அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஆக, எண்ணை மைலாகப் படிக்க முடியாது. ஒப்பிட மட்டுமாவது உதவுமா?

எனக்கு உண்மையாகக் கோபம் வருவது இங்கேதான். சோதனையை நடத்துவதோ நடத்த வைப்பதோ டயர் கம்பெனி. மதிப்பெண் போடுவதும் அதே கம்பெனி. விதி கேட்பது ஒன்றே ஒன்று: சோதனையில் வந்ததைவிட அதிகமாகப் போடாதே. குறைத்துப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். 620 வந்த டயருக்கு ஒரு கம்பெனி 620 என்றே போடலாம். இன்னொரு கம்பெனி, தன்னுடைய விலை உயர்ந்த மாடல் 600-இல் நிற்கிறது, அதற்குக் கீழே இது இருக்கட்டும் என்று 500 போடலாம். இரண்டும் சட்டப்படி சரி. உச்சவரம்பு மட்டும் உள்ள மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது? பரீட்சையில் எடுத்ததைவிடக் குறைவாக மார்க் ஷீட்டில் எழுதிக்கொள்ளலாம், ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டத்துக்கு எழுதலாம் என்றால், மாவட்ட ரேங்க் என்று ஒன்றைப் போட முடியுமா?

இது புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டையும் இல்லை. 1966-இல் அமெரிக்கக் காங்கிரஸ் வாகனப் பாதுகாப்புச் சட்டம் போட்டபோதே, இரண்டு ஆண்டுக்குள் டயர்களுக்கு ஒரே சீரான தர மதிப்பீடு வேண்டும் என்றது. ட்ரெட்வேர் எண்கள் சந்தைக்கு வந்தது 1979-80 வாக்கில். 1983-இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ அதை நிறுத்திவைத்தது. சோதனை முடிவுகள் தள்ளாடுகின்றன, கம்பெனிகள் மதிப்பெண் போடும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு, வாங்குபவர் ஏமாறுகிறார் என்று காரணம் சொன்னது. நுகர்வோர் அமைப்பான பப்ளிக் சிட்டிசன் வழக்குப் போட்டது. 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது செல்லாது என்றது. குறை இருந்தால் அதைத் திருத்த ஏன் முடியாது என்று நிர்வாகம் சரியாக விளக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு. எண் திரும்பி வந்தது. ஆனால் குறைத்துப் போடும் சுதந்திரமும் அப்படியே இருக்கிறது. பக்கை ஒத்துக்கொண்டு, டிக்கெட்டை மட்டும் மூடிய கதை.

இதன் விளைவை அழகாகக் காட்டுவது பந்தய உலகம். எஸ்சிசிஏ என்ற அமெரிக்க கிளப், சாதாரண டயரில் ஓட்டும் ஆட்டோகிராஸ் பிரிவுக்குக் குறைந்தபட்ச ட்ரெட்வேர் எண் ஒன்றை விதிக்கிறது. முன்பு 140 ஆக இருந்ததைப் பிறகு 200 என்று உயர்த்தினார்கள். நோக்கம் நியாயமானது: பசைபோல ஒட்டி நாலு வாரத்தில் தேய்ந்துபோகும் டயர்கள் வேண்டாம். உடனே 200 என்று பொறித்த, பசைபோல ஒட்டும் டயர்கள் வரிசையாக வந்தன. இன்று அந்தப் பிரிவில் எல்லாம் 200, ஒன்று ஒரு சீசன் வரும், இன்னொன்று அதில் பாதிகூட வராது. ஓட்டுபவர்கள் யாரும் அந்த எண்ணைப் பார்த்து டயர் வாங்குவதில்லை.

சரி, சாதாரண ஆள் என்ன செய்வது? ஆஸ்டினில் எங்கள் தெருவில் இருக்கும் தென்காசித் தம்பி ஒருவர் ஹோண்டா ஒடிசிக்கு நாலு டயர் மாற்றப் போகும்போது என்னிடம் ஃபோனில் இரண்டு விலையை வாசித்தார். "அண்ணா, ஒண்ணு 700, நூத்தி அறுபது டாலர். இன்னொண்ணு 560, நூத்தி எண்பத்தஞ்சு. நம்பரும் ஜாஸ்தி, விலையும் கம்மி. இதுல யோசிக்க என்னண்ணா இருக்கு?"

"ரெண்டும் ஒரே கம்பெனியா?"

"இல்லண்ணா, வேற வேற."

"வாரண்டி எவ்வளவுன்னு பாருப்பா."

700-க்கு 65,000 மைல், 560-க்கு 75,000 மைல். எண் சொல்வதற்கு நேர் எதிர். கம்பெனி வேறு வேறு என்றால் நான் வாரண்டி பக்கம்தான் சாய்வேன். தோளில் பொறிக்கும் எண்ணைக் குறைத்துப் போட்டாலும் கம்பெனிக்குச் செலவில்லை. வாரண்டியைத் தவறாகப் போட்டால் கொஞ்சமாவது பணம் கையைவிட்டுப் போகும். அதுவும் வேதவாக்கு கிடையாது. ஓடிய மைலைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் தள்ளுபடி தருவார்கள், டயரை இடம் மாற்றிய ரசீதெல்லாம் கேட்பார்கள், முக்கால்வாசிப் பேர் ரசீதைத் தொலைத்திருப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் அது ஒரு கடப்பாடு. ட்ரெட்வேர் எண்ணுக்கு ஒரே ஒரு நேர்மையான உபயோகம் உண்டு: ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவே, அதுவும் இடைவெளி பெரிதாக இருக்கும்போது, எது அதிகம் உழைக்கும் என்று காட்டும். 300-க்கும் 700-க்கும் நடுவே அர்த்தம் இருக்கிறது. 640-க்கும் 680-க்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

அடுத்தது ட்ராக்‌ஷன், பிடி. இதில் நிலைமை வேறு மாதிரி. சோதனை ஒழுங்காக, அளவாக இருக்கிறது. ஆனால் அது சோதிக்கும் காரை இன்று யாரும் ஓட்டுவதில்லை.

நனைத்த தார்த் தளத்திலும் நனைத்த கான்கிரீட்டிலும் ஒரு டிரெய்லரை மணிக்கு 40 மைலில், அதாவது 65 கிலோமீட்டரை ஒட்டி இழுத்துப் போவார்கள். சோதனை டயரின் பிரேக்கைப் பூட்டிவிடுவார்கள். சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டே போகும்போது உராய்வுக் கெழுவை அளப்பார்கள். தாரில் 0.54-க்கு மேலும் கான்கிரீட்டில் 0.38-க்கு மேலும் வந்தால் ஏஏ. 0.47, 0.35-ஐத் தாண்டினால் ஏ. 0.38, 0.26-ஐத் தாண்டினால் பி. அதற்கும் கீழே சி. நேராகப் போய் நிற்பது மட்டும்தான் கணக்கு. வளைவு கிடையாது, தேங்கிய நீரில் டயர் மிதப்பது கிடையாது, பனி கிடையாது, பாதி தேய்ந்த டயரும் கிடையாது.

முக்கியமான சொல் 'வழுக்கிக்கொண்டே'. பிரேக்கை மெல்ல அழுத்தும்போது டயர் சாலையைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழலத் தொடங்கும். அந்தச் சிறு வழுக்கலில்தான் பிடி உச்சத்துக்குப் போகும். இன்னும் அழுத்திச் சக்கரம் முழுக்கப் பூட்டிக்கொண்டால் பிடி சரியும், ஈரத்தில் நன்றாகவே சரியும். ஏபிஎஸ் என்பது சக்கரத்தைப் பூட்டவிடாமல் அந்த உச்சத்தின் அருகிலேயே பிடித்துவைக்கும் ஏற்பாடு. 2012 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு நிலைநிறுத்தும் கட்டுப்பாடான இஎஸ்சி கட்டாயம். அது ஏபிஎஸ்ஸின் மேல் கட்டப்பட்டது. ஆக, இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் டயர் ஒருபோதும் போகாத ஒரு நிலையை அளந்து அதற்கு எழுத்து கொடுக்கிறார்கள்.

'உச்சப் பிடி அதிகமாக இருந்தால் வழுக்கும்போதும் அதிகமாகத்தானே இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதைத் தெரிந்துகொள்ளலாமே' என்று ஒரு வாதம் உண்டு. இதற்குப் பதில் ஒரு டயரிலேயே இருக்கிறது. மிஷ்லின் கிராஸ்க்ளைமேட் 2 என்ற எல்லாப் பருவத்துக்குமான டயருக்குப் பொறித்திருக்கும் தரம் 640 பி ஏ. ட்ராக்‌ஷனில் பி! எழுத்தை நம்பி வாங்குபவர் அதை ஓரம் கட்டிவிட்டு, அதில் பாதி விலைக்கு ஏ வாங்கிய பெயர் தெரியாத டயரை எடுத்துப் போவார். ஆனால் ஏபிஎஸ் உள்ள உண்மையான கார்களில் மாட்டி ஈரச்சாலையில் பிரேக் அடித்துப் பார்த்த ஒப்பீடுகளில் அந்த 'பி' டயர் தன் வகையில் முன்வரிசையில் வருகிறது. அதைத் தன் வகையில் சிறந்ததென்று சிபாரிசு செய்பவர்கள் பலர். ஒன்று, எழுத்து பொய், அல்லது அந்த எழுத்து வேறு எதையோ சொல்கிறது. இரண்டாவதுதான் உண்மை.

ஐரோப்பாவில் 2012 நவம்பரிலிருந்து டயருக்கு லேபிள் உண்டு. அதில் ஈரப்பிடியை அளக்க, ஏபிஎஸ் உள்ள காரை மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு இறக்கிப் பார்க்கிறார்கள், அல்லது டிரெய்லரில் வைத்துப் பிடியின் உச்சத்தை அளக்கிறார்கள். வித்தை ஒன்றும் பெரிதில்லை. அமெரிக்கா 1990-களில் செய்த ஒரே சீர்திருத்தம் ஏ-க்கு மேலே ஏஏ என்று ஒரு படி சேர்த்தது. வகுப்பில் எல்லாரும் ஏ வாங்கிவிட்டதால் இன்னொரு ஏ. இன்றைக்குக் கடையில் வரிசையாக நிற்கும் பயணிகள் கார் டயர்களில் பெரும்பாலானவை ஏ தான். சி என்பதைத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம். எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் தரவரிசை வாங்குபவருக்கு எதைச் சொல்லும்? உங்கள் கார் ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி என்றால் ஏ-க்கும் பி-க்கும் உள்ள வித்தியாசம் நிஜம், பாருங்கள். மற்றவர்கள் அந்த எழுத்தைத் தாண்டி, உங்கள் அளவில் யாராவது ஈரத்தில் பிரேக் அடித்து அடிக்கணக்கில் தூரம் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

மூன்றாவது டெம்பரேச்சர். பலரும் கண்டுகொள்ளாமல் விடும் எழுத்து இது, ஆனால் உயிர் போவது இதில்தான்.

டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி விரிகிறது. ரப்பர் விரியும்போது, மடங்க வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கு சூடாகத் தங்கிவிடும். வேகம் கூடினால் மடங்குவது அடிக்கடி. காற்று குறைந்தாலோ பாரம் ஏறினாலோ மடங்குவது ஆழமாக. சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கும் இரும்பு பெல்ட்டுகளின் ஓரத்தில் ரப்பர் விட்டுக்கொடுக்கத் தொடங்கும். கடைசியில் பட்டன் பகுதி முழுக்கத் தோல் உரிவதுபோல் கழன்று வரும். இதைச் சோதிக்க டயரை ஆய்வகத்தில் ஒரு பெரிய உருளை மேல் அழுத்தி ஓட்டுவார்கள். அரை மணிக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மணிக்கு 115 மைலைத் தாங்கினால் ஏ. 100-ஐத் தாங்கினால் பி. 85-ஐ மட்டும் தாங்கினால் சி.

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் இருந்தவை. பட்டன் கழன்று வண்டி உருண்ட விபத்துகள், கூடுதலும் டெக்சாஸ், ஃபிளோரிடா, அரிசோனா போன்ற சூடான மாநிலங்களில். என்எச்டிஎஸ்ஏ கணக்கில் 271 மரணங்கள். அந்த டயர்களின் டெம்பரேச்சர் தரம் சி. ஃபோர்டு சிபாரிசு செய்த காற்று 26 பிஎஸ்ஐ. அந்த ஓர் எழுத்தால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு, குறைந்த காற்று, ஏற்றிய பாரம், வெயில், உயரமான வண்டி எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் சி என்பது 'சுமார்' என்று வாங்கியவர்கள் நினைத்திருப்பார்கள். அது சட்டம் அனுமதித்த கடைசிப் படி. அதற்குக் கீழே விற்கவே முடியாது.

அந்த விபத்துகளுக்குப் பிறகு சட்டம் மாறி, 2007-இல் கடுமையான பாதுகாப்புச் சோதனை வந்தது. இப்போது விற்க வேண்டுமானாலே டயர் மணிக்கு 160 கிலோமீட்டரில், அதாவது 99 மைலில், அரை மணி நேரம் தாங்க வேண்டும். அப்படியானால் 85 மைல் தாங்கும் என்று சொல்லும் சி எதற்கு? கட்டாயத் தேர்வே பி-யின் வாசல்வரை வந்துவிட்ட பிறகும் பழைய படியைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்டினுக்கு அருகே எஸ்ஹெச் 130 சாலையில் ஒரு பகுதிக்கு வேக வரம்பே 85 மைல்தான். ட்ரெட்வேர் சோதனை நடக்கும் அதே மாநிலம். அந்தச் சாலையில் சட்டத்தை மீறாமல் போகும் ஆள் சி தரத்தின் விளிம்பிலேயே போகிறார்.

வாங்கும்போது ஏ எடுங்கள், கஷ்டமில்லை, நிறையக் கிடைக்கும். பி என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் ஏ வாங்கிய பிறகு அந்த எழுத்து யாருக்குப் பொருந்தும் என்றும் பார்க்க வேண்டும். சோதனையில் டயருக்குச் சரியான காற்று இருக்கும், உச்ச பாரத்தில் 88 சதவீதம்தான் ஏற்றியிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு ஏழு பேர், டிக்கி முழுக்கப் பெட்டி, ஜூலை மாத வெயிலில் ஐ-10 வழியாகக் கிராண்ட் கேன்யன் கிளம்பும் நம்முடைய மினிவேன் அந்த ஆய்வகத்தில் இல்லை. டேஷ்போர்டில் காற்று விளக்கு எரியவில்லையே என்று சமாதானம் சொல்வார்கள். விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது, குறித்த அளவில் கால்வாசி குறைந்த பிறகுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 35 என்று போட்டிருந்தால், விளக்கு எரியும்போது உள்ளே இருப்பது 26. அதற்கு முன் 30-இலும் 28-இலும் அது வாயைத் திறக்காது. கிளம்பும் நாள் காலையில், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், பத்து டாலர் கேஜ் ஒன்றை வைத்து நாலு டயரையும் பாருங்கள். பார்க்க வேண்டிய எண் கதவுத் தூணில் இருப்பது. டயரின் பக்கச் சுவரில் போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச காற்று, அதை நிரப்பிவிடாதீர்கள்.